"கூடாது" அடுத்த வரிக்குப் போனபோது: ஓர் உப்புக் கரைசல் அட்டை மூன்று முறை மாறிய கதை

புதுவயல் பக்கம் அரிசி ஆலைகளில் வேலை பார்க்கிற பெண்களுக்காக நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் அட்டை தயாரித்தோம். குழந்தைக்கு வயிற்றால் போனால் ஓ.ஆர்.எஸ். பொடியை எப்படிக் கரைத்துக் கொடுப்பது என்று சொல்லும் அட்டை. ஒரு பக்கம், ஆறு படம், ஆறேழு வரி. அதை மூன்று தடவை மாற்ற வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில்தான் உடைந்தது. எங்கே உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், என்ன மாற்றினோம் என்பதை ஒன்றுவிடாமல் எழுதி வைக்கிறேன். படித்தவர்களும் படிக்காதவர்களும் சேர்ந்து இருக்கிற வீட்டுக்கு எழுதுகிறவர்களுக்கு இது பயன்படும்.

முதலில் இந்த அட்டையை யார் வாசிக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் தவறாக நினைத்திருந்தது அதைத்தான். தாய் எட்டாவது வரை படித்தவர், வாசித்துக்கொள்வார் என்று எண்ணி எழுதினோம். ஆனால் தாய் காலையிலேயே ஆலைக்குப் போய்விடுகிறார். குழந்தை அப்பத்தாவிடம் இருக்கிறது. அப்பத்தா கைநாட்டு. குழந்தைக்கு வயிற்றால் போகிற அந்த மத்தியான வேளையில் வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள், லீவு நாளாக இருந்தால், நாலாவது படிக்கிற அண்ணன்காரன். அவன் எழுத்துக்கூட்டி வாசிப்பான், அப்பத்தா காதால் கேட்டுக்கொண்டே படத்தைப் பார்த்துக் கையால் செய்வார். வாசிக்கிற ஆள் ஒருவர், செய்கிற ஆள் இன்னொருவர். எழுத்து காதுக்குப் போகிறது, படம் கண்ணுக்குப் போகிறது, இரண்டும் அந்தக் கிழவியின் கையில் வந்து சேர வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்களுக்கு வேலை ஓடத் தொடங்கியது.

இந்த விஷயத்தில் தப்பு நடந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். என்பது உப்பும் குளுக்கோசும் அளவாகச் சேர்ந்த பொடி. 2002 முதல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்லும் அளவு ஒரு லிட்டருக்கு 20.5 கிராம். தண்ணீர் குறைந்தால் கரைசல் உப்புக் கரிக்கும், குழந்தையின் உடம்பில் உப்பு கூடிவிடும். தண்ணீர் கூடினால் கரைசல் நீர்த்துப் போய்ப் போதிய பலன் தராது. ருசிக்காகச் சீனி சேர்த்தால் பேதி இன்னும் அதிகமாகலாம். ஆக, அட்டை சரியாகச் சொல்லியே ஆக வேண்டியது தண்ணீரின் அளவு, அப்புறம் வேறெதுவும் சேராமல் இருப்பது. மற்றது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பெரிய கெடுதல் இல்லை.

எங்கள் முதல் வாசகம் இது:

வயிற்றுப்போக்கினால் ஏற்படும் நீரிழப்பைத் தடுக்க, ஒரு பொட்டலம் உப்பு சர்க்கரைக் கரைசல் பொடியை ஒரு லிட்டர் கொதிக்கவைத்து ஆறவைக்கப்பட்ட குடிநீரில் முழுவதுமாகக் கலந்து 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்குப் புகட்டவும். பால் அல்லது பழச்சாற்றில் கலக்கக் கூடாது.

இதில் தப்பான தகவல் எதுவும் இல்லை. எங்களில் ஒருவர் இதைச் சுருக்கி, இரண்டு இரண்டு சொல்லாக உடைத்து, ஆறு கட்டத்தில் ஆறு படத்தின் கீழே போட்டார். காரைக்குடியில் கடைப் பலகை எழுதுகிற ஓவியர் ஒருவர் படம் வரைந்து கொடுத்தார். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, நூறு நாள் வேலை நடக்கிற ஓர் ஊருணிக் கரைக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்தோம்.

சோதிக்கிற முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "புரியுதா ஆத்தா?" என்று கேட்டால் யாரும் புரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். "நல்லாப் புரியுது தாயி" என்பார்கள். அது நமக்குக் கொடுக்கிற மரியாதை, பதில் இல்லை. அதனால் மூன்று படியாகச் செய்தோம். முதலில் எழுத்தை ஒரு தாளால் மூடிவிட்டுப் படத்தை மட்டும் காட்டி, "இதுல என்ன நடக்குது?" என்று கேட்போம். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வோம், திருத்த மாட்டோம். அடுத்து ஒரு பள்ளிப் பிள்ளையை விட்டு எழுத்தை வாசிக்கச் சொல்வோம், அவன் எங்கே தடுக்கிறான், எங்கே மூச்சு விடுகிறான் என்று குறித்துக்கொள்வோம். கடைசியாக ஒரு நிஜப் பாக்கெட்டையும் பாத்திரங்களையும் முன்னால் வைத்து, "அட்டை சொல்றபடி செஞ்சு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்போம். கை எங்கே நிற்கிறதோ, கண் எங்கே நம் முகத்தைத் தேடுகிறதோ, அங்கே அட்டையில் ஓட்டை. ஒரு சுற்றுக்கு ஐந்தாறு பேர் போதுமாக இருந்தது. ஒரே இடத்தில் மூன்று பேர் நின்றுவிட்டால் நாலாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் சுற்றில் பெரிய அடி விழுந்தது பால் விஷயத்தில். கட்டம் சின்னதாக இருந்ததால் வாசகம் இப்படி உடைந்திருந்தது:

பாலில் கலக்கக்
கூடாது

பையன் முதல் வரியை வாசித்தான். "பா...லில்... கலக்க..." வரி முடிந்ததும் நிறுத்தி மூச்சு விட்டு நிமிர்ந்து பார்த்தான். அப்பத்தா தலையை ஆட்டிவிட்டு, "பாலையும் ஊத்தணுமாக்கும்" என்றார். கீழே இருந்த "கூடாது" அவர் காதுக்கு வரவே இல்லை. பையன் அதை வாசித்தபோதும் அது தனியாக, எதற்கு என்று தெரியாமல் நின்றது. படத்திலும் ஒரு பால் டம்ளர் இருந்தது, அதன் மேல் பெரிய பெருக்கல் குறி. பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அந்தக் குறி "தப்பு" என்று தெரியும், வாத்தியார் சிவப்பு மையில் போட்டுப் பழக்கம். போகாதவர்களில் ஒரு அம்மா அதைப் பார்த்து, "டம்ளருக்கு மேல ரெண்டு குச்சி வச்சிருக்கு, ஈ மொய்க்காம இருக்க" என்றார். படமும் எழுத்தும் கைகோத்து, நாங்கள் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிராகச் சொல்லிவிட்டன.

தமிழில் எழுதுகிற எவரும் இந்த ஓரிடத்தில் நின்று யோசிக்க வேண்டும். நம் வாக்கியத்தில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. கொடுக்கக் கூடாது, சேர்க்க வேண்டாம், ஊற்றாதீர்கள். சரளமாக வாசிக்கிறவருக்குக் கண் முன்னாடியே ஓடி அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துவிடும். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கு அப்படி ஓடாது. வரி முடிகிற இடமே அவருக்கு வாக்கியம் முடிகிற இடம். அதனால் மறுப்புச் சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளினால் நாம் எழுதியது கட்டளையாக மாறிவிடுகிறது. கட்டாயம் மறுப்பு வேண்டும் என்றால் ஒரே வரிக்குள் அடங்க வேண்டும். முடிந்தால் மறுப்பே இல்லாமல் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. நாங்கள் பால் படத்தையே எடுத்துவிட்டோம். செய்யக் கூடாததை வரைந்து காட்டினால் வரைந்ததுதான் மனதில் தங்குகிறது. அதற்குப் பதிலாக ஒரு வரி போட்டோம்: "தண்ணீர், பொடி. இரண்டு மட்டும்." படத்தில் பாத்திரத்துக்குள் தண்ணீரும் பொடியும் விழுகின்றன, பக்கத்தில் வேறு எதுவுமே இல்லை. பின்னணியில் அடுப்பு, அலமாரி, சீனி டப்பா என்று ஓவியர் ஆசையாக வரைந்திருந்ததையும் அவரிடம் கேட்டுக்கொண்டு அழிக்கச் சொன்னோம். சீனி டப்பா படத்தில் இருந்தால் அது எதற்காகவோ இருக்கிறது என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார், அது நியாயம்தானே.

சீனி என்றதும் இன்னொன்று. "உப்பு சர்க்கரைக் கரைசல்" என்று எழுதியிருந்தோம். எங்கள் பக்கம் காப்பிக்குப் போடுவது சீனி. சர்க்கரை என்றால் ஒருவருக்கு நாட்டுச்சர்க்கரை, இன்னொருவருக்கு அது நோயின் பெயர். "சர்க்கரை இருக்கவங்களுக்கு உள்ள மருந்தா இது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அட்டையிலிருந்து அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு "ஓ.ஆர்.எஸ். பாக்கெட்" என்று போட்டோம். அங்கன்வாடியிலும் மருந்துக்கடையிலும் ஜனங்கள் கேட்டு வாங்குவது அந்தப் பெயரில்தான். நல்ல தமிழ்ச் சொல் எனக்கும் பிடிக்கும், ஆனால் கடையில் கேட்டால் கிடைக்கிற சொல்தான் இந்த அட்டைக்கு வேண்டும்.

அதற்காகப் பேசுகிறபடியே எழுதிவிடலாமா என்றும் இரண்டாம் சுற்றில் முயற்சி செய்தோம். "வயித்தால போச்சுன்னா" என்று எழுதிப் பார்த்தால் பையன் முன்னைவிட அதிகமாகத் திணறினான். காரணம், அவன் பாடப்புத்தகத்தில் பார்த்த உருவம் "வயிறு", "வயிற்றால்". "வயித்தால" என்ற எழுத்துக்கோவையை அவன் கண் எங்கும் பார்த்ததில்லை. கொஞ்சம் படித்தவர்கள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவதோடு, பார்த்துப் பழகிய சொல்லை முழுசாக அடையாளம் கண்டும் வாசிக்கிறார்கள். அதனால் நாங்கள் வந்து சேர்ந்த வழி இது: சொல்லைப் பேச்சிலிருந்து எடுப்பது, அதை எழுதுவது பாடப்புத்தகம் எழுதுகிறபடி. "நீரிழப்பு", "புகட்டவும்", "எஞ்சிய" எல்லாம் போய்விட்டன. "கொடுங்கள்", "மிச்சம்", "காய்ச்சி ஆறிய தண்ணீர்" வந்தன. "கொடுக்கவும்" என்பதைவிடக் "கொடுங்கள்" ஓர் எழுத்துக் குறைவு, அதோடு பேரன் அப்பத்தாவுக்கு வாசித்துச் சொல்லும்போது அது ஒருவர் இன்னொருவரிடம் பேசுவது போல இருக்கிறது. "கொடு" என்று எழுதினால் சின்னப் பையன் கிழவியை ஏவுகிற மாதிரி ஆகிவிடும்.

நீளமான ஒட்டுச் சொற்களையும் பிரித்தோம். "ஆறவைக்கப்பட்ட" என்ற ஒரே சொல்லில் பையன் மூன்று இடத்தில் நின்றான். "காய்ச்சி ஆறியது" என்று போட்டதும் ஓடிவிட்டது. தலைப்புக்கு அலங்கார எழுத்து போட்டிருந்தது வேறு வகையில் கெடுத்தது, ஜெராக்ஸில் புள்ளிகள் மறைந்துபோய் மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யாகிவிட்டன. சாதாரணப் பாடப்புத்தக எழுத்துக்கு மாற்றி, பெரிதாக்கி, அடித்த பிரதியை மறுபடி இரண்டு தடவை ஜெராக்ஸ் எடுத்தாலும் புள்ளி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டோம்.

சரி, இனித் தண்ணீர் அளவுக்கு வருகிறேன். முதல் படத்தில் கைப்பிடி வைத்த கண்ணாடிக் கூஜா ஒன்று இருந்தது, பக்கத்தில் "1 லிட்டர்". அந்த மாதிரிக் கூஜா எந்த வீட்டிலும் இல்லை. தனியாக வரைந்த பாத்திரத்துக்கு அளவும் கிடையாது, டம்ளரும் அண்டாவும் தாளில் ஒரே உயரம்தான். செய்து காட்டச் சொன்னபோது ஒருவர் பெரிய டம்ளரை எடுத்தார், இருவர் சொம்பை எடுத்தார்கள். சொம்பு வீட்டுக்கு வீடு வேறு. படி, உழக்கு என்று பழைய அளவில் சொல்லலாமா என்று கேட்ட ஓர் ஆச்சிக்கு அரிசி அளக்க அது கைவந்த கணக்கு, ஆனால் படி என்பது லிட்டர் இல்லை, அதில் போட்டால் கரைசல் தப்பிவிடும்.

கடைசியில் எல்லா வீட்டிலும் இருந்தது, கடையில் தண்ணீர் விற்கிற ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். அதை ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோக வைத்திருக்கிறார்கள். ஓவியர் அந்தப் பாட்டிலை அதன் இடுப்பு வளையங்களோடு, ஒரு கை பிடித்திருக்கிற மாதிரி வரைந்தார். கை இருந்ததால் அளவு தானாக விளங்கியது. ஆனால் முதலில் அவர் மணிக்கட்டோடு வெட்டி வரைந்திருந்தார், அதைப் பார்த்த ஒரு பாட்டி, "கை மட்டும் வருதே, ஆளு எங்க?" என்று கவலையோடு கேட்டார். ஆகவே தோள், சேலை, முகம் எல்லாம் வந்தன. எல்லாப் படத்திலும் அதே ஆள், அதே சேலை. வேறு சேலை போட்டால் வேறு பெண் என்று எண்ணிவிடுகிறார்கள்.

படத்தின் வரிசையும் சிக்கலாகத்தான் இருந்தது. ஆறு கட்டத்தை இரண்டு இரண்டாக அடுக்கியிருந்தோம், சிலர் குறுக்கே போனார்கள், சிலர் கீழே இறங்கினார்கள். அம்புக்குறியை யாரும் பொருட்படுத்தவே இல்லை. ஆனால் எழுத்துத் தெரியாத எல்லாருக்கும் எண் தெரிந்திருந்தது. பஸ் நம்பர், ரூபாய் நோட்டு, போன் நம்பர் எல்லாம் தினமும் புழங்குவதுதானே. ஆக அட்டையை நீளவாக்கில் ஒரே வரிசையாக்கி, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் பஸ் நம்பர் அளவுக்கு எண் போட்டோம். வாசிக்கிற பையன் "மூணு" என்று சொன்னால் அப்பத்தாவின் விரல் 3 மேல் போய் நிற்கும். காதையும் கண்ணையும் சேர்த்துக் கட்டிய கயிறு அந்த எண்தான். அதனால் எண் வரிக்கு முன்னால் வர வேண்டும், வரியின் முதல் சொல் படத்தில் இருக்கிற பொருளாக இருக்க வேண்டும்.

24 மணி நேரத்தைப் படமாக்க முயன்றதும் தோற்றது. சூரியன், நிலா, சூரியன் என்று வரைந்திருந்தோம். அதைக் காலை, ராத்திரி, காலை மூன்று வேளை கொடுக்க வேண்டும் என்று வாசித்தார்கள், மாத்திரை உறையில் அப்படிப் பார்த்துப் பழகியிருப்பார்கள் போலிருக்கிறது. அதை விட்டுவிட்டுச் செயலாக மாற்றினோம். காலையில் வாசலில் நின்று மிச்சத்தைக் கீழே ஊற்றுகிற பெண். 24 மணி நேரக் கணக்கு இதில் கொஞ்சம் குறைகிறது, மத்தியானம் கரைத்தவர் மறுநாள் காலையிலேயே ஊற்றிவிடுவார். அதில் ஆபத்து இல்லை, கொஞ்சம் பொடி வீண். அந்தத் திசையில் தப்பினால் பரவாயில்லை என்று தெரிந்தேதான் முடிவெடுத்தோம்.

மூன்றாம் சுற்றில் நின்ற வாசகம் இது:

1 கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
2 பாட்டில் நிறையத் தண்ணீர். காய்ச்சி ஆறியது.
3 பாக்கெட் முழுவதும் கொட்டுங்கள்.
4 தண்ணீர், பொடி. இரண்டு மட்டும். கலக்குங்கள்.
5 வயிற்றால் போனதும் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும்.
6 மிச்சத்தை மறுநாள் காலையில் கீழே ஊற்றுங்கள்.

ஐந்தாவதில் எவ்வளவு கொடுப்பது என்பதைப் படத்துக்கு விட்டுவிட்டோம். இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. இடுப்பில் இருக்கிற குழந்தைக்குப் பக்கத்தில் அரை டம்ளர், நிற்கிற குழந்தைக்குப் பக்கத்தில் முழு டம்ளர். அட்டையின் பின்புறம் நான்கு முகம் மட்டும்: குடிக்க முடியாத குழந்தை, கண் குழி விழுந்த குழந்தை, எழுப்பினாலும் எழாத குழந்தை, வெளிக்குப் போனதில் ரத்தம். கீழே 108.

படத்தால் சொல்லவே முடியாமல் போனது ஒன்று உண்டு. இந்தக் கரைசல் பேதியை நிறுத்தாது, உடம்பிலிருந்து போன தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடுக்கும், அவ்வளவுதான். இதைச் சொல்லாவிட்டால் இரண்டு டம்ளர் கொடுத்துவிட்டு, "இன்னும் போகுதே, கேக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற படம் ஒன்று வரைந்தோம். எங்களுக்கு அழகாகத் தோன்றியது. காட்டிய எல்லாரும், "பானை ஒழுகுது, மாத்தணும்" என்றார்கள். பேச்சில் இதே உவமையைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். தாளில் பானை பானையாகத்தான் இருக்கிறது. அதனால் உவமையை அட்டையிலிருந்து எடுத்து, அட்டை கொடுக்கிற பெண் வாயால் சொல்கிற முதல் வாக்கியமாக வைத்தோம். வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1980களில் வீடு வீடாகப் போய் உப்பும் வெல்லமும் கரைக்கக் கற்றுக்கொடுத்தபோது வாயால்தான் சொன்னார்கள். முதலில் பத்துக் குறிப்பு, பிறகு அதை ஏழாகக் குறைத்தார்கள். சொல்லிக்கொடுத்தவருக்கு, அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவில் நின்றது என்று பார்த்துக் கூலி. எங்களுக்கும் அந்த நினைப்பு உதவியது: எத்தனை அட்டை கொடுத்தோம் என்று எண்ணாமல், எத்தனை பேர் பாட்டிலை எடுத்தார்கள் என்று எண்ணினோம்.

இந்த அட்டைக்கு ஓர் எல்லை இருக்கிறது. கடையில் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது. அதை ஒரு லிட்டர் பாட்டிலில் கொட்டினால் தண்ணிக் கரைசல்தான். இரண்டையும் ஒரே அட்டையில் சொல்லப் பார்த்தோம், எல்லாரும் குழம்பினார்கள். கடைசியில் ஒரு லிட்டர் பாக்கெட் இரண்டை அட்டையோடு பின் அடித்தே கொடுத்துவிடுகிறோம். அந்த இரண்டும் தீர்ந்த பிறகு கடையில் வாங்கும்போது பாக்கெட்டில் 1 லிட்டர் என்று பார்த்து வாங்கச் சொல்லி, அந்த 1 இருக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறோம். சிலருக்கு அது நிற்கிறது, சிலருக்கு நிற்பதில்லை.

இப்போது துத்தநாக மாத்திரைக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும், நின்றதும் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். 14 கட்டம் போட்டு, தினம் ஒன்றில் டிக் அடிக்கச் சொன்னோம். முதல் வாரம் போய்ப் பார்த்தபோது பெரும்பாலான அட்டைகள் வெறுமையாக இருந்தன. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஆனால் வீட்டில் பேனா இல்லை. பள்ளிக்கூடப் பையோடு அதுவும் போய்விடுகிறது. ஒரு வீட்டு அட்டையில் மட்டும் ஆறு கட்டம் நிரம்பியிருந்தது. சாமி படத்துக்குப் பொட்டு வைக்கிறபோது அட்டைக்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறார் அந்த அப்பத்தா. அடுத்த அச்சில் கட்டத்தை எடுத்துவிட்டுப் பொட்டு அளவு வட்டமாகப் போட்டிருக்கிறோம். புதுவயலில் பத்து வீட்டுக்குக் கொடுத்திருக்கிறோம், இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும்.